8 வயதுக் குழந்தையோடு முதல் வான்நோக்கு: தொலைநோக்கி வேண்டாம், ஒரு வரைபடமும் முஷ்டியும் போதும்

நட்சத்திர வரைபடத்தைக் குழந்தையின் கையில் கொடுத்து வெளியே அழைத்துப் போகிறோம். ஐந்து நிமிடம் அது தாளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்க்கும். அப்புறம் "இதுல இருக்கிறது எதுவுமே அங்க இல்லையே" என்று சொல்லும். குழந்தை சொல்வது சரிதான். தாளில் கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் ஓரியன் நட்சத்திரக் கூட்டம், வானத்தில் இரண்டு முஷ்டி உயரத்துக்கு நிற்கிறது. தாளில் கிழக்கு இடப்பக்கம் இருக்கிறது. பள்ளியில் படித்த நிலப்படத்திலோ அது வலப்பக்கம். அளவு, திசை என்ற இந்த இரண்டு குழப்பங்களையும் வீட்டுக்குள்ளேயே தீர்த்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். அதைச் செய்தால் முதல் இரவிலேயே குழந்தை தானாக நான்கைந்து நட்சத்திரங்களைக் கண்டுபிடித்துவிடும்.

முதல் நாளுக்கு ஓரியனையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை முன்னிரவில் தெரியும். வானத்தின் நடுக்கோட்டின் மேல் அமைந்திருப்பதால் உலகின் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். நகர வெளிச்சத்திலும் அதன் முக்கியமான நட்சத்திரங்கள் மறைவதில்லை.

பகலில் செய்ய வேண்டியவை

வரைபடம் இரண்டு வகையில் கிடைக்கும். ஒன்று, ஒரு மாதத்துக்கு மட்டும் அச்சிட்ட வட்டத் தாள். இன்னொன்று, தேதியையும் மணியையும் நேருக்கு நேர் வைத்துத் திருப்பும் சுழல் தட்டு. எதுவானாலும் உங்கள் ஊரின் அட்சரேகைக்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள். ஐந்து பாகை முன்பின் இருந்தால் பிழையில்லை. 40 பாகை வடக்குக்குச் செய்த தட்டை 10 பாகையில் வைத்துப் பார்த்தால், துருவ நட்சத்திரம் நான்கு முஷ்டி உயரத்தில் இருப்பதாகத் தட்டு சொல்லும். உண்மையில் அது ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்கும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுவே அந்த ஊரின் அட்சரேகை. சுழல் தட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வட்டத்தின் விளிம்பை ஒட்டிய நட்சத்திரக் கூட்டங்கள் இழுபட்ட மாதிரி அகன்று தெரியும். முழு வானத்தையும் தட்டையான தாளில் விரித்தால் அப்படித்தான் ஆகும். அதனால் முதல் நாள் விளிம்பில் இருப்பவற்றைத் தேடாதீர்கள்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் உள்ள வரைபடம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் படிக்க வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள் உள்ளதே எளிது. அதை ஒரு நகல் எடுத்து, தேடப் போகும் நட்சத்திரங்களைக் குழந்தையையே வட்டமிடச் சொல்லுங்கள். சிவப்புப் பேனா மட்டும் வேண்டாம். இருட்டில் நாம் சிவப்பு விளக்கில்தான் படிக்கப் போகிறோம். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தாளோடு தாளாகக் கரைந்துவிடும். நானும் மகளும் ஒரு முறை சிவப்பில் அழகாக வட்டமிட்டு எடுத்துப் போனோம். அங்கே போய்ப் பார்த்தால் ஒரு வட்டம்கூட இல்லை. அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. கறுப்பு மையில் தடியாக வட்டமிட்டாலே போதும்.

இப்போது திசைக் குழப்பத்துக்கு வருவோம். விளக்கிச் சொன்னால் குழந்தைக்குப் புரியாது, செய்து காட்டினால் உடனே புரியும். அறையின் நான்கு சுவர்களிலும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று எழுதி ஒட்டுங்கள். குழந்தையைத் தலை வடக்கிலும் கால் தெற்கிலும் இருக்கும்படி மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். வரைபடத்தின் "தெற்கு" என்ற முனை காலைப் பார்த்திருக்க, தாளை முகத்துக்கு மேலே பிடிக்கட்டும். தாளில் இடப்பக்கம் இருக்கும் கிழக்கு, அறையின் கிழக்குச் சுவரையே காட்டும். நிலப்படத்தை நாம் குனிந்து பார்க்கிறோம். வான்படத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அதனால்தான் கிழக்கும் மேற்கும் இடம் மாறுகின்றன. நின்று பார்க்கும்போதும் இதே விதிதான். எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோமோ, அந்தத் திசையின் பெயர் தாளின் கீழ்ப்பக்கம் வரும்படி திருப்பிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அளவு. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடினால், அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் ஒரு பாகை. குழந்தையின் முஷ்டி சின்னது, ஆனால் அதன் கையும் குட்டை. அதனால் கணக்கு அப்படியே பொருந்தும். அடிவானத்திலிருந்து தலைக்கு நேர் மேலே வரை முஷ்டி மேல் முஷ்டியாக அடுக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒன்பது வர வேண்டும். ஆறு, ஏழிலேயே உச்சி வந்துவிட்டால் முழங்கை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டு வந்தால் முஷ்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. இந்தப் பயிற்சியைப் பகலிலேயே இரண்டு மூன்று தடவை செய்து பார்ப்பது நல்லது. அன்றிரவு நீங்கள் சொல்லப் போகும் தூரங்கள் எல்லாம் முஷ்டிக் கணக்கில்தான் இருக்கும்.

எந்த நாள், எந்த நேரம்

நிலா இல்லாத முன்னிரவு வேண்டும். பௌர்ணமி கழிந்து நான்கைந்து நாள் ஆனதும் நிலா தாமதமாக உதிக்கத் தொடங்கும். அன்றிலிருந்து அமாவாசை தாண்டி மூன்றாம் பிறை வரை உள்ள இரவுகள் எல்லாம் நல்லவை. வளர்பிறையில் ஏழாம் நாளுக்குமேல் குழந்தையை அழைத்துப் போனால் அது நிலாவைத்தான் பார்க்கும். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை.

வரைபடத்தில் அச்சிட்ட நேரத்துக்கு வெளியே போக முடியாவிட்டால் ஒரு எளிய கணக்கு உதவும். ஒரு நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. 15 நாளில் அது ஒரு மணி நேரம், மாதத்தில் இரண்டு மணி நேரம். பிப்ரவரி 22 இரவு 8 மணிக்குத் தெரியும் வானம்தான் ஜனவரி 22 இரவு 10 மணிக்கும் தெரிந்தது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் நாடுகளில் இருப்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு தட்டைத் திருப்ப வேண்டும்.

சூரியன் மறையும்போதே குழந்தையோடு ஒரு தடவை அந்த இடத்துக்குப் போய், சூரியன் இறங்கும் பக்கத்தில் ஒரு கல்லை வையுங்கள். துல்லியமான மேற்காக அது இருக்காது. மாதத்தைப் பொறுத்துத் தெற்கிலோ வடக்கிலோ தள்ளியிருக்கும். இருந்தாலும் வரைபடத்தைத் திருப்பிப் பிடிக்க அது போதும்.

வெளியே போன முதல் 20 நிமிடம்

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பாவை விரிவது சில நொடிகளில் நடந்துவிடும். மங்கிய ஒளியைப் பிடிக்கும் விழித்திரைச் செல்கள் தங்கள் நிறமியை மீண்டும் சேர்த்துக்கொள்ளத்தான் இவ்வளவு நேரம் பிடிக்கிறது. நடுவில் யாராவது கைபேசித் திரையை ஒரு தடவை பார்த்தாலும் பெரும்பகுதி வீணாகிவிடும். சிவப்பு ஒளி அந்தச் செல்களை அதிகம் பாதிப்பதில்லை. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டால் வேலை முடிந்தது. வெளிச்சம் தாளைப் படிக்கும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியும் அளவுக்கு இருக்கக் கூடாது. டார்ச்சைக் குழந்தையிடமே கொடுங்கள். காவல் காக்கும் பொறுப்பு அதனிடம் இருந்தால் உங்களைக் கைபேசியை எடுக்கவே விடாது.

அந்த 20 நிமிடம் குழந்தையைச் சும்மா உட்கார வைக்க முடியாது. பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, வந்ததும் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து வானத்தின் அதே பகுதியை மறுபடி எண்ணட்டும். எண்ணிக்கை கூடியிருக்கும். கண் மாறுவதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

ஓரியனிலிருந்து தொடங்கி

நாங்கள் போன ஒரு இரவை அப்படியே சொல்கிறேன். 2025 பிப்ரவரி 22, சனிக்கிழமை. தேய்பிறை, நிலா நள்ளிரவுக்கு மேல்தான் வரும். இரவு 8 மணிக்கு ஓரியன் வானத்தில் நன்றாக ஏறியிருந்தது.

முதலில் தேட வேண்டியது ஓரியனின் இடுப்புப் பட்டை. ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில், சம இடைவெளியில், ஒரே நேர்கோட்டில் மூன்று நட்சத்திரங்கள். கையை நீட்டி இரண்டு விரலை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும். குழந்தைக்கு இந்த அளவைச் சொல்வது மிக முக்கியம். இல்லையென்றால் தூர தூரமாக இருக்கும் எந்த மூன்றையும் அது பட்டை என்று சொல்லும். மகள் முதலில் காட்டியது அப்படிப்பட்ட மூன்றைத்தான். "ரெண்டு விரல்ல மறையுதா பாரு" என்றேன். மறையவில்லை. அவளே விட்டுவிட்டு வேறு தேடினாள்.

பட்டை கிடைத்ததும், அதன் ஒரு பக்கம் ஒரு முஷ்டி தள்ளி சிவந்த நட்சத்திரம் ஒன்றும், எதிர்ப்பக்கம் அதே அளவு தள்ளி நீலம் கலந்த வெள்ளை நட்சத்திரம் ஒன்றும் இருக்கும். சிவந்தது திருவாதிரை. வரைபடத்தில் பீட்டல்ஜூஸ் என்று இருக்கும். வெள்ளை, ரைஜல். பட்டை நடுவில் நிற்க, இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு முஷ்டி தூரம். நிறம் தெரியவில்லை என்று குழந்தை சொன்னால் அவசரப்படாதீர்கள். ஒன்றை மட்டுமே பார்த்தால் நிறம் தெரியாது. கண்ணை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி மாற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள், வித்தியாசம் தானாகத் தெரியும். ரைஜலின் மேற்பரப்பு திருவாதிரையினுடையதைவிட மூன்று மடங்குக்கு மேல் சூடானது. நிறம் வேறுபடுவது அதனால்தான்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். "மேலே", "கீழே", "வலப்பக்கம்" என்று வழி சொல்லாதீர்கள். ஓரியன் உதிக்கும்போது ஒரு சாய்வில் இருக்கும், மறையும்போது வேறு சாய்வில் இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பக்கவாட்டில் படுத்தபடி எழும். தென்கோளத்தில் தலைகீழாக நிற்கும். எப்போதும் மாறாதது நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள கோடுதான். அதனால் கோட்டை வைத்தே வழி சொல்லுங்கள்.

பட்டையின் மூன்று நட்சத்திரங்களையும் இணைக்கும் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால், இரண்டு முஷ்டிக்குச் சற்று அதிகமான தூரத்தில் பளீரென்ற வெள்ளை நட்சத்திரம் வரும். அது சிரியஸ். இரவு வானின் நட்சத்திரங்களில் இதுதான் மிகப் பிரகாசமானது. அதே கோட்டை எதிர்ப்பக்கம் ஏறக்குறைய அதே தூரம் நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. வரைபடத்தில் அல்டெபரான் என்று இருக்கும். இரண்டு இடத்திலும் கோடு நட்சத்திரத்தை அச்சாகத் தொடாது, கொஞ்சம் விலகிப் போகும். அதையும் முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

ரோகிணியிலிருந்து அதே போக்கில் இன்னும் ஒன்றரை முஷ்டி போனால் கார்த்திகைக் கூட்டம். நம் முன்னோர்கள் அறுமீன் என்று சொன்னது இதைத்தான். நேராகப் பார்த்தால் சின்ன மேகத் துண்டுபோல இருக்கும். ஆறையும் எண்ண வேண்டுமென்றால் பார்வையைச் சற்று ஓரமாக வைக்க வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதியில் மங்கல் ஒளியைப் பிடிக்கும் செல்கள் இல்லை, அவை சுற்றிலும்தான் நெருக்கமாக உள்ளன. இந்த வித்தை பிடிபட்டதும் மகள் நான்கு, ஐந்து என்று எண்ணி, ஆறாவதுக்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். நகரத்திலிருந்து பார்த்தால் மூன்று நான்குக்கு மேல் தெரியாமல் போகலாம். அது கண்ணின் குறை இல்லை.

வரைபடத்தில் இல்லாத நட்சத்திரம்

அன்று ஒரு தவறு நடந்தது. தவறு என்னுடையது. "கோட்டின் ஒரு பக்கம் ரொம்பப் பிரகாசமா ஒண்ணு வரும், அதுதான் சிரியஸ்" என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் எதிர்ப்பக்கம் கோட்டை நீட்டினாள். அங்கே சிரியஸைவிடப் பிரகாசமான ஒன்று நின்றது. "அப்பா, சிரியஸ் கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள். வரைபடத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் ரோகிணி மட்டும்தான் இருக்கிறது. ரோகிணிக்கு அரை முஷ்டி தள்ளி நின்ற இந்தப் பெரிய புள்ளி தாளில் இல்லவே இல்லை.

அது வியாழன். 2025 தொடக்கத்தில் அது ரிஷபத்தில், ரோகிணிக்குப் பக்கத்தில் இருந்தது. கோள்கள் நாள்தோறும் இடம் மாறுவதால் சுழல் தட்டில் அவற்றை அச்சிட முடியாது. ஒரு மாதத் தாளில் சில சமயம் போட்டிருப்பார்கள். தாளில் இல்லாத பிரகாசமான புள்ளி வந்தால் இரண்டு சோதனை செய்யலாம். முதல் சோதனை, மின்னுகிறதா என்று பார்ப்பது. நட்சத்திரம் மின்னும், கோள் நிதானமாக ஒளிரும். அடிவானத்தை ஒட்டி இருந்தால் கோளும் கொஞ்சம் துடிக்கும், அதனால் உயரே இருக்கும்போது மட்டும் இதை நம்பலாம். இரண்டாவது சோதனை இன்னும் உறுதியானது. பல வரைபடங்களில் சூரியப் பாதையைப் புள்ளிக்கோடாக வரைந்திருப்பார்கள். கோள்கள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கும். சிரியஸ் அதிலிருந்து நான்கு முஷ்டி தூரத்தில் இருக்கிறது. அதன் அருகில் ஒரு கோள் வரவே வராது.

மகளுக்கு இது புரிந்ததும், புள்ளிக்கோட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கோள்களையும் தேட ஆரம்பித்துவிட்டாள். அன்று வசதியான நாள். மேற்கே தாழ்வாக வெள்ளி, ரோகிணி பக்கம் வியாழன், மிதுனத்தில் செந்நிறமாகச் செவ்வாய். மூன்றும் ஒரே வளைகோட்டில் இருந்தன. நான் திட்டமிட்டதைவிட நல்ல பாடம் அந்தத் தவறிலிருந்துதான் கிடைத்தது. ஆகவே போவதற்கு முன்பு அந்த மாதம் எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்று நீங்கள் மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் சொல்ல வேண்டாம், அதுவே கண்டுபிடிக்கட்டும்.

சிரியஸ் பற்றி ஒன்று

தூரங்களைச் சொன்னால் இந்த வயதுக்கு எதுவும் தங்காது. ஆனால் சிரியஸின் தூரம் மட்டும் தங்கும். அது 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்றிரவு கண்ணில் விழும் அதன் ஒளி, எட்டு ஆண்டு ஏழு மாதத்துக்கு முன்பு அங்கிருந்து கிளம்பியது. மகளுக்கு முந்தைய நவம்பரில்தான் 8 முடிந்திருந்தது. "நீ பிறக்கிறதுக்கு நாலு மாசம் முன்னாடி கிளம்பின வெளிச்சம் இது" என்று சொன்னேன். அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் குழந்தைக்கு 8 வயது 7 மாதம் ஆகும் நாளைக் கணக்கிட்டு, அது சிரியஸ் தெரியும் மாதத்தில் வந்தால் அன்றே அழைத்துப் போங்கள். குழந்தை பிறந்தபோது கிளம்பிய ஒளி அது.

எப்போது நிறுத்துவது, அடுத்து என்ன

கண் பழகும் நேரத்தையும் சேர்த்து 50 நிமிடம் போதும். பட்டையும் மற்ற நான்கு நட்சத்திரமும் கார்த்திகையும் கிடைத்துவிட்டால் இன்னொரு கூட்டத்தைத் தொடங்காதீர்கள். வீட்டுக்குள் வந்ததும், வரைபடத்தைப் பார்க்காமல் தான் கண்டதைக் குழந்தை ஒரு தாளில் வரையட்டும். தேதி, மணி, ஓரியனின் பட்டை எந்த மரத்துக்கோ கட்டடத்துக்கோ மேலே எத்தனை முஷ்டி உயரத்தில் நின்றது என்பதையும் எழுதி வைக்கட்டும்.

சரியாக ஒரு மாதம் கழித்து, அதே இடத்தில், அதே மணிக்கு நின்று மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஓரியன் மூன்று முஷ்டி மேற்கே போயிருக்கும். ஏப்ரலில் அது அந்திக்குள் சாய்ந்துவிடும். அதற்குள் வடக்கே சப்தரிஷி மண்டலம் ஏறியிருக்கும். அதன் வால் வளைவை அப்படியே நீட்டினால் மூன்று முஷ்டியில் சுவாதி, அதே வளைவில் இன்னும் மூன்று முஷ்டிக்குச் சற்று மேல் சித்திரை. தாளில் வட்டமிடும்போது கறுப்பு மையை மறக்க வேண்டாம்.